வரவு ஆண்டு 1953

எல்லப்பன் எழுத்தாலும் கையெழுத்தாலும் வாழ்ந்தவர். எந்தக் காகிதமும் வாங்குபவர் கையொப்பம் இன்றி அவர் கையை விட்டுப் போனதில்லை. உத்தனப்பள்ளிக்கு அப்பால் பிறர் நிலத்தில் கேழ்வரகு அறுத்து வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஓசூரில் ஓர் அலுவலகத்தில் தண்ணீர் எடுத்துவைக்கச் சேர்ந்து, பிறகு காகிதக் கட்டுகளைத் தூக்கி, அதன்பின் அவற்றை அடுக்கி, நாற்பத்திரண்டாம் வயதில் கிணற்றுப் பாசன விசாரணை அலுவலகத்தின் ஆவண உதவியாளராக இருந்தார். வேலை தற்காலிகமானது. நிலைப்படுத்தும் உத்தரவுக்கான கோப்பு 1957 பிப்ரவரியில் அலுவலகத் தலைவரான தனி அதிகாரியின் மேசைக்குப் போயிருந்தது. அதே மாதத்தில்தான் அவர்மேல் நான் சந்தேகப்பட்டேன். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த அலுவலகத்தின் வேலை ஒன்றே. பாகலூர் பக்கத்துக் கிராமங்களுக்கு மின்கம்பி இழுத்தால், கிணற்று மோட்டார்களுக்குப் போதுமான நீர் அங்கே இருக்கிறதா என்று கண்டு சென்னைக்கு அறிக்கை தரவேண்டும். அறிக்கையைத் தலைமை எழுத்தர் கோவிந்தப்பன் தொகுத்திருந்தார். ஆழத்திலும் நீர் இல்லை, கிணறுகள் கோடையில் வற்றுகின்றன, கம்பி இழுப்பது வீண் என்பது அதன் முடிவு. இறுதியில் ஐம்பத்திரண்டு ஆதாரங்கள் கொண்ட பட்டியல் இருந்தது. சென்னை அலுவலகம் அதன் வரைவைப் பார்த்து ஒரு குறிப்பு அனுப்பியது: ஆதாரங்கள் எந்தெந்த வகையைச் சேர்ந்தவை, எவ்வளவு அண்மைக் காலத்தவை என்று எண்ணி ஓர் அட்டவணை அனுப்புக. எம்.ஏ. முடித்து ஆறு மாதமே ஆகியிருந்த எனக்கு, ஆராய்ச்சி உதவியாளன் என்ற பெயரில், அந்த எண்ணும் வேலை வந்தது.

எண்ணத் தொடங்குமுன் இரண்டு விதிகளை எழுதி மேசையில் வைத்துக்கொண்டேன். வகைகளை முதலிலேயே முடிவு செய்யவேண்டும், எண்ணும்போது மாற்றக்கூடாது. ஓர் ஆதாரம் ஒரு வகையில் மட்டுமே இருக்கவேண்டும். பிறகு ஒவ்வோர் ஆதாரத்துக்கும் ஒரு சீட்டு வெட்டி, ஐம்பத்திரண்டு சீட்டுகளையும் வகைவாரியாகப் பிரித்தேன். அரசாங்க அறிக்கைகள் முப்பத்து மூன்று. நூல்கள் ஆறு, சஞ்சிகைக் கட்டுரைகள் ஐந்து, செய்தித்தாள் செய்திகள் நான்கு. கிணறுகளில் நேரில் அளந்த குறிப்புகள் மூன்று. விவசாயி ஒருவரின் வாக்குமூலம் ஒன்று. கூட்டினால் ஐம்பத்திரண்டு.

அரசாங்கம் தன் சொல்லையே தனக்குச் சாட்சியாக அழைத்திருக்கிறது என்று தோன்றியது. ஆனால் அது புதிய விஷயம் இல்லை. அதே சீட்டுகளைக் கலைத்து ஆண்டுவாரியாக அடுக்கியபோதுதான் உறுத்தல் வந்தது. 1953 முதல் 1957 வரை முப்பத்து நான்கு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் பத்து, 1943க்கு முன் எட்டு. மொத்தம் சரியாக வந்தது. அண்மைக் கால ஆதாரங்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எந்த அலுவலகமும் பெருமைப்படக்கூடிய பட்டியல். ஆனால் அந்த முப்பத்து நான்கில் இருபத்தொன்பது சீட்டுகளில் ஒரே ஆண்டு எழுதியிருந்தது. 1953.

இருபத்தொன்பது அறிக்கைகளும் நூல்களும் ஒரே ஆண்டில், ஒரே தாலுக்காவின் நீரைப் பற்றி அச்சாகியிருக்குமா? நேரில் அளந்த குறிப்புகள் மூன்றும் அந்தக் குவியலிலேயே இருந்தன.

கோவிந்தப்பனிடம் கேட்டேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே பதில் சொன்னார்.

"வருஷம் நான் எழுதுனது இல்ல, சார். ரிஜிஸ்டர்ல இருந்தத அப்பிடியே எடுத்தேன். ரிஜிஸ்டர் எழுதுறது எல்லப்பன். அவனக் கேளுங்க."

"ஒரே வருஷத்துல இத்தன புத்தகம் வந்துருக்குமா?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார். அதுவரை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவன் பெஞ்சாதி நாகம்மா ஊரு எது தெரியுமா? பாகலூருக்கு அந்தாண்ட. மச்சினங்க மூணு பேரும் கெணறு வெட்டிக்கினு கரெண்டு எப்ப வரும்னு குந்திக்கினு இருக்காங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீங்க படிச்சவரு."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஆவண அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. கதவருகே ஒரு முக்காலி. அதன்மேல் ஆவண உதவியாளர் அமர்ந்து, கேட்பவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வாங்கி, பிறகே எழுந்து போவார். நான் பட்டியலில் பதினேழாம் எண்ணைக் கேட்டேன். நேரில் அளந்த கிணற்றுக் குறிப்புகளில் அது ஒன்று.

"நாளைக்கு எடுத்து வெக்கிறேங்க சார்."

"இப்பவே வேணும்."

"கட்டு மேல இருக்குதுங்க. ஏணி இல்லாம ஆவாது."

மறுநாள் ஏணி இருந்தது, எல்லப்பன் இல்லை. அதற்கடுத்த நாள் எல்லப்பன் இருந்தார், சாவி வீட்டில் இருந்தது. மூன்றாம் நாள் மாலையில் கட்டு என் மேசைக்கு வந்தது. புதிய அட்டை போட்டுத் தைத்திருந்தார்கள். உள்ளே முதல் பக்கத்தில் ஊதா முத்திரை: வரவு 1953. தலைப்புப் பக்கம் இல்லை. தையலோரத்தில் கிழிந்த காகிதத்தின் பல் மட்டும் எஞ்சியிருந்தது.

இன்னும் இரண்டு கட்டுகளைக் கேட்டு வாங்கினேன். அவற்றிலும் தலைப்புப் பக்கம் இல்லை. ஆனால் ஒன்றில், நடுப்பக்க அடிக்குறிப்பு "சென்ற ஆண்டு, அதாவது 1908இல்" என்று தொடங்கியது. 1953இல் எழுதியவர் எவரும் 1908ஐச் சென்ற ஆண்டு என்று சொல்லமாட்டார்.

அன்று என் குறிப்பேட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது: "பதிவேட்டு ஆண்டுகள் நம்பத்தக்கவை அல்ல. தலைப்புப் பக்கங்கள் அகற்றப்பட்டுள்ளன. அகற்றியவர்?" அந்த வினாக்குறிக்கு நேரே ஒரு பெயரை எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். அடித்த கோட்டின் கீழ் பெயர் தெளிவாகவே தெரிகிறது.

கோவிந்தப்பனுக்கு அடிக்குறிப்பைக் காட்டினேன். அவர் அதிகம் வியக்கவில்லை.

"பக்கத்தக் கிழிச்சது யாருன்னு இன்னும் சந்தேகமா, முனிவேல் சார்? சாவி யார் இடுப்புல இருக்குது? அதிகாரிக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அவனோட கோப்பு மேசை மேலதான் இருக்குது. நேரம் சரியா இருக்கும்."

இரண்டு வரியை எழுதினேன். இரண்டு பக்கம் ஆயிற்று. ஆவண உதவியாளரை நிலைப்படுத்துமுன் விசாரிக்கவேண்டும் என்பது கடைசி வாக்கியம். அதைத் தட்டச்சுக்குத் தருமுன் ஒருமுறை படித்தேன். காரணம் என்ற தலைப்பின்கீழ் "உறவினர் நலன்" என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் பேனா நின்றது.

அவருடைய மைத்துனர்களுக்கு மின்கம்பி வேண்டும். அறிக்கை கம்பி வேண்டாம் என்கிறது. பழைய ஆதாரங்களுக்குப் புதிய ஆண்டைப் போட்டால் பலம் பெறுவது அறிக்கையின் முடிவுதான். எல்லப்பன் ஆண்டுகளைத் திருத்தியிருந்தால், சொந்த மைத்துனர்களின் கிணற்றுக்கு எதிராகத் திருத்தியிருக்கிறார் என்றாகிறது. அப்படி ஒரு களவை எவனும் செய்யமாட்டான். கோவிந்தப்பன் தந்த காரணத்தைத் திசை பார்க்காமல் வாங்கியிருந்தேன்.

இரண்டு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆவண அறைக்குப் போனேன். பகல் உணவு நேரம். எல்லப்பன் முக்காலியில் அமர்ந்து களி உருண்டையை அவரைக்காய்க் குழம்பில் தொட்டு உண்டுகொண்டிருந்தார். என்னைக் கண்டு எழ முயன்றார்.

"சாப்புடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த 1953 எங்கிருந்து வந்துச்சு?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வாசலைப் பார்த்தார். முன்கட்டில் கோவிந்தப்பனின் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தபிறகே பேசினார்.

"சேலத்துலேர்ந்து வண்டியில வந்துச்சுங்க. ரெண்டு மாட்டு வண்டி. அங்க பழைய கட்டடம் ஒழுவிப்போயி, எல்லாத்தையும் இங்க அனுப்பிட்டாங்க. ஐம்பத்து மூணு, ஆடி மாசம்."

"வந்த வருஷம் அது. அச்சுப்போட்ட வருஷம்?"

"ரிஜிஸ்டர்ல வருஷத்துக்கு ஒரே கட்டம்தான் சார். வந்த தேதி போடுடான்னு ஆர்டர். போட்டேன்."

"யார் ஆர்டர்?"

அவர் காலி நாற்காலியை மறுபடி பார்த்தார்.

"தலைப்புப் பக்கம் எங்க போச்சு?"

"மொதப் பக்கமும் கடசிப் பக்கமும்தான சார் நனையும். கூழாப் போயிருந்துச்சு. பைண்டு போடுறவன் கிழிச்சு எறிஞ்சிட்டான். கெட்டத ஒட்டி என்னா பண்றதுன்னான்."

இது பொய்யாக இருக்கக்கூடும் என்றே அப்போதும் எண்ணினேன். கிழிந்த பக்கத்துக்கும் நனைந்த பக்கத்துக்கும் இப்போது வேறுபாடு தெரியாது. "அப்ப உண்மையான வருஷம் இனிமே யாருக்கும் தெரியாது. அப்பிடித்தானே?" என்றேன்.

எல்லப்பன் என் பையைப் பார்த்தார். பிறகு அவரிடமிருந்து வந்தது கேள்வி.

"நீங்க பையில வெச்சிருக்குறது என் மேல எழுதுனதா சார்?"

நான் மறுக்கவில்லை.

"கோவிந்தப்பன் சார் காலையிலயே சொல்லிட்டாரு. 'எல்லப்பா, எம்.ஏ. ஒனக்குச் சீட்டு எழுதுறாரு, மூட்டையக் கட்டு'ன்னாரு." இதைச் சொல்லும்போது சிரித்தார். "ஒண்ணு காட்டுறேன். ஆனா ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. நான் கேட்டு வாங்குனேன், எல்லப்பன் தானா வந்து குடுக்கலன்னு. தேதி போட்டு."

எழுதிக் கொடுத்தேன். அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "கேட்டு" என்ற சொல்லுக்கு முன் "மூன்று முறை" என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அதன்பின் முக்காலிக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார்.

அதில் இருந்ததைப் படித்தேன் என்று சொல்வதைவிடப் பார்த்தேன் என்பதே பொருந்தும். பக்கத்துக்கு ஒன்றாக, நனைந்த தலைப்புப் பக்கங்களைப் பென்சிலால் நகல் எடுத்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எழுத்துகளைக் கோலம்போல வரைந்திருந்தார். ஓரிடத்தில் ஓர் எழுத்து திரும்பி நின்றது. வேறோர் இடத்தில் அச்சகத்தின் முத்திரைச் சிங்கத்தையும் விடவில்லை. ஆனால் எண்கள் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆண்டு அழுத்தமாக இருந்தது. 1898. 1909. 1924. 1924. 1931.

"எதுக்கு இத வரஞ்சீங்க?"

"பைண்டு போடுறவன் வர நாலு நாள் ஆவும்னான். பக்கம் போயிடுமேன்னு தோணுச்சு. வண்டியில வந்தப்ப பக்கம் எத்தினி, இப்பக் கட்டுக்குள்ள இருக்குற பக்கம் எத்தினின்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான்தான பதில் சொல்லணும்."

"கோவிந்தப்பன் பட்டியல் எழுதும்போதே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் சார். 'ரிஜிஸ்டர்ல இருக்குறதுதான் வருஷம், நீ என்னா சர்வேயரா'ன்னாரு. அதுக்கு மேல சொன்னா, ஆபீஸ் காயிதத்தத் திருட்டுத்தனமா எழுதி வெச்சிருக்குறேன்னு ஆவும். கோப்பு மேல போற நேரம். வீட்டுல நாலு புள்ளைங்க. நாகம்மா சொல்லிட்டா, எங்க ஊருக்குக் கரெண்டு வராட்டிப் போவுது, நீ வாயத் தொறக்காதன்னு."

மூன்று நாள் கட்டை மறைத்தது இதற்காகத்தான். அவர் என்னைக் கோவிந்தப்பனின் ஆள் என்று எண்ணியிருந்தார். நான் அவரை மைத்துனர்களின் ஆள் என்று எண்ணியிருந்தேன்.

மறுபடி ஐம்பத்திரண்டு சீட்டுகளையும் எடுத்தேன். இந்த முறை ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண்டுகளை எழுதினேன். வந்த ஆண்டு, எழுதிய ஆண்டு. 1953 என்ற இருபத்தொன்பதில் உண்மையாகவே அந்த ஆண்டில் வெளியானவை இரண்டு ஆண்டறிக்கைகள் மட்டுமே. மீதி இருபத்தேழில் மூன்று 1943க்குப் பிந்தையவை, இருபத்து நான்கு அதற்கு முந்தையவை. புதிய கணக்கு இவ்வாறு அமைந்தது: அண்மைக் காலம் ஏழு, அதற்கு முந்தைய பத்தாண்டு பதின்மூன்று, 1943க்கு முன் முப்பத்திரண்டு. குறிப்பேட்டை மட்டும் நம்பவில்லை. பதினோரு கட்டுகளில் உட்பக்கங்களிலேயே காலம் தெரிந்தது. பதினொன்றும் எல்லப்பனின் எண்ணோடு பொருந்தின.

பழையது என்பதாலேயே ஓர் ஆதாரம் கெட்டதாகிவிடாது. மழை அளவுப் பேரேடுகள் ஆறு இருந்தன. அவை எவ்வளவு நெடுங்காலத்தவையோ அவ்வளவு நல்லவை. அவற்றைத் தனியாகக் குறித்தேன். கிணற்று நீர்மட்டம் அப்படியல்ல, அது இன்றைய செய்தி. நேரில் அளந்த மூன்று குறிப்புகளும் 1924 கோடையில், மழை பொய்த்த ஆண்டுக்குப் பிறகு, ஒரே அலுவலர் அளந்தவை. அதற்குப் பின் அங்கே யாரும் கயிறு இறக்கி அளந்ததாக ஓர் ஆதாரமும் இல்லை. ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும், அதன் நீர்மட்ட எண் எங்கிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டே போனேன். அரசாங்க அறிக்கைகளில் பன்னிரண்டு அந்த 1924 எண்ணையே திரும்பச் சொல்லியிருந்தன. கடந்த ஆண்டுச் செய்தித்தாள் ஒன்றும் அதையே சொன்னது. பதினாறு சாட்சிகள் வரிசையில் நின்றாலும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர் ஒருவரே. விவசாயியின் வாக்குமூலம் என்ற ஒற்றைச் சீட்டும் 1948ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைத் தந்தவர் ஓசூர் நகரத்தில் குடியிருந்த நிலக்கிழார். பாகலூர்ப் பக்கத்துச் சொல் ஒன்றுகூட இல்லை.

பையிலிருந்த இரண்டு பக்கத்தைக் கிழித்தேன். அட்டவணைகள் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டச்சு செய்து தனி அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் கோவிந்தப்பனையும் எல்லப்பனையும் அழைத்தார்.

"வந்த தேதிய எழுதச் சொன்னது நீங்கதானா?" என்று கோவிந்தப்பனைக் கேட்டார்.

"பதிவேட்டு வழக்கம் அதுதானுங்க, சார். பொருள் வந்தா வந்த தேதி. புத்தகமும் பொருள்தான?"

"அத ஆதாரப் பட்டியல்ல ஏன் வெளியான வருஷமாப் போட்டீங்க?"

"ரிஜிஸ்டர்ல வருஷம்னு இருந்துச்சு, சார்."

அந்த விடையில் தவறு காண முடியவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. தம் உத்தரவால் பிழையான எண்ணைத் தாமே மறந்து நம்பினாரா, நினைவோடு பயன்படுத்தினாரா? அந்த அலுவலகத்தில் இருந்தவரை நான் அவர் முகத்தைப் பார்த்தபோதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேன். விடை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அதிகாரி எல்லப்பன் பக்கம் திரும்பினார். "அலுவலக ஆவணத்த அனுமதி இல்லாமச் சொந்த நோட்டுல எழுதி வெச்சது குத்தம். தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அந்த நோட்டு இல்லைன்னா இந்த அட்டவணை இல்ல. அதுவும் தெரியுமா?"

புகழ்வதுபோலத் தொடங்கும் சொல் எங்கே முடியும் என்று எல்லப்பனுக்கு ஐயம்.

"நோட்ட ஒப்படைச்சிடு."

"ரசீது வேணுமுங்க, சார்."

கோவிந்தப்பன் கூரையைப் பார்த்தார். அதிகாரி பேனாவை எடுத்து ரசீது எழுதினார். இறுதி அறிக்கையைச் சென்னைக்கு அனுப்பாமல் நிறுத்தினார். மார்ச் முதல் மே வரை பாகலூர்ப் பக்கம் நாற்பது கிணறுகளைப் புதிதாக அளக்கவும், உழுபவர்களிடமே வாக்குமூலம் பெறவும் உத்தரவிட்டார். எல்லப்பனின் கோப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாட்கள் அப்படியே போயின. ஒவ்வொரு காலையும் எல்லப்பன் அதிகாரியின் அறை வாசலைக் கடக்கும்போது நடையை மெதுவாக்குவார். "என்னாடா, கரெண்டு வந்துச்சா?" என்று கோவிந்தப்பன் கேட்பார். பதின்மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. அனுமதியின்றிக் குறிப்பெடுத்ததற்கு எச்சரிக்கை. அடுத்த வரியில், ஆவண உதவியாளர் பணியில் நிலைப்படுத்தப்படுகிறார். இரண்டும் ஒரே தாளில் இருந்தன. எல்லப்பன் அதைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தார்.

அன்று மாலை நான் பதினேழாம் எண் கட்டைத் திருப்பித் தரப் போனேன். அவர் புதிய வரவுப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு இப்போது இரண்டு கட்டங்கள். முதல் பதிவு அவருடைய சொந்தக் குறிப்பேடுதான். வந்த ஆண்டு 1957, எழுதிய ஆண்டு 1953 என்று நிரப்பியிருந்தார். எழுதியவர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"உங்க பேரப் போடுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, திருப்பும் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல கட்டு குடுத்ததுக்குக் கையெழுத்துப் போடுங்க சார். பக்கம் எண்ணிட்டு அதப் பாக்கலாம்."

எண்ணினார். நூற்றுப் பதினான்கு பக்கமும் இருந்தன.

பேனாவை மையில் தோய்த்து, காலி இடத்தில், தமிழில், எல்லப்பன் என்று எழுதினார்.